நஷ்ட வரம்பை மீறிய டிரேடருக்கு ஒரு கடிதம்

சில வருஷம் ஒரு டிரேடிங் டெஸ்க்கில் ரிஸ்க் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒவ்வொரு டிரேடருக்கும் தினசரி நஷ்ட வரம்பு உண்டு. அதைத் தொட்டால் எல்லா பொசிஷனையும் மூடிவிட்டு, அன்றைக்குச் சும்மா உட்கார வேண்டியதுதான். ஒருவர் அதை மீறினார். ஆனால் சந்தை முடியும்போது அவருடைய நஷ்டம் வரம்புக்குள்ளேதான் இருந்தது. "அப்புறம் எதுக்கு சார் கடிதம்?" என்று கேட்டார். அவருக்கு எழுதியதன் சாரம் இது. எண்களை மட்டும் எளிதாக்கியிருக்கிறேன்.

"உங்கள் வரம்பு 6 லட்ச ரூபாய். காலையில் நிஃப்டி ஃப்யூச்சர்ஸ் 40 லாட் வாங்கினீர்கள். லாட்டுக்கு 75 வீதம் 3,000 யூனிட். ஒரு புள்ளி இறங்கினால் 3,000 ரூபாய் போகும். 150 புள்ளி இறங்கியபோது நஷ்டம் 4.5 லட்சம். மிச்சமிருந்த 1.5 லட்சம், இன்னும் 50 புள்ளி வரை தாங்கும்.

அந்த இடத்தில் இன்னொரு 40 லாட் வாங்கினீர்கள். சராசரி விலை குறைந்தது உண்மைதான். ஆனால் இப்போது புள்ளிக்கு 6,000 ரூபாய். அதே 1.5 லட்சம் 25 புள்ளிக்குத்தான் தாங்கும். வரம்பு உடைந்தது பிறகுதான் என்றாலும், தப்பு நடந்தது இங்கேதான்.

சந்தை மேலும் 60 புள்ளி இறங்கி, நஷ்டம் 8.1 லட்சம் ஆனது. பிறகு 115 புள்ளி ஏறியதால் 1.2 லட்சத்தில் முடித்தீர்கள். ஏறாமல் இன்னும் 100 புள்ளி இறங்கியிருந்தால் 14.1 லட்சம். வரம்பு என்பது முடிவுக் கணக்குக்கு மட்டும் இல்லை. நாள் முழுக்க, அந்தந்த நிமிஷத்துச் சந்தை விலைக்கு அது பொருந்தும்.

ஒரே தாவலில் விலை விழுந்து, நீங்கள் விற்று முடிப்பதற்குள் 6.4 லட்சம் ஆகியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. காரணத்தைக் குறித்துக்கொண்டு விட்டிருப்பேன். ஆனால் ஆர்டர் லாக்கைப் பார்த்தேன். 11.34க்கு 6 லட்சத்தைத் தாண்டியது. 12.10 வரை ஒரு விற்பனை ஆர்டர்கூட இல்லை. அந்த 36 நிமிஷத்துக்குத்தான் இந்தக் கடிதம்.

நாளைக்கு உங்களுக்கு டிரேடிங் இல்லை. அடுத்த பத்து நாள் வரம்பு 3 லட்சம்.

இன்னொன்று. 11.34க்கு எச்சரிக்கை என் திரையிலும் வந்தது. போன் பண்ணினேன். 'ரெண்டு நிமிஷம் சார்' என்றீர்கள். நானும் காத்திருந்தேன். உங்கள் பொசிஷனை நானே மூடியிருக்கணும். அதையும் மீறல் அறிக்கையில் எழுதியிருக்கிறேன்."

அதற்குப் பிறகு சிஸ்டத்தில் ஒரு மாற்றம் செய்தோம். வரம்பில் முக்கால்வாசி கரைந்துவிட்டால், பொசிஷனைக் குறைக்கும் ஆர்டர் மட்டும்தான் போகும். கூட்டும் ஆர்டர் போகாது. அப்போது 'ரெண்டு நிமிஷம்' என்று சிஸ்டத்திடம் கேட்க முடியாது. என்னிடமும் கேட்க வேண்டியதில்லை.