பிங் எவ்வளவு குறையும்? பணம் கட்டும் முன் ஒரு கணக்கு

சென்னையில் இருந்துகொண்டு நியூயார்க் சர்வரில் விளையாடுபவரிடமோ வேலை பார்ப்பவரிடமோ, "எங்கள் கேமிங் பேக் போட்டால் பிங் 50-க்குக் கீழே வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். அந்த எண்ணை எந்த நிறுவனத்தாலும் தர முடியாது. ஏன் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு சிறு தகவல் பொட்டலம் சர்வருக்குப் போய், பதிலோடு திரும்பிவர எடுக்கும் நேரம்தான் பிங். அதை மில்லி விநாடியில், அதாவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அளக்கிறோம். வெற்றிடத்தில் ஒளி விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். கடலடி கேபிளில் இருக்கும் கண்ணாடி இழைக்குள் அதன் வேகம் 2 லட்சம் கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் போய்வர 1 மில்லி விநாடி ஆகும்.

சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம் ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். அதை 100-ஆல் வகுத்தால் 135. நேர்கோட்டில் கேபிள் போட்டாலும் பிங் இதற்குக் கீழே போகாது. கண்ணாடியே இல்லாமல் அதே பாதையில் வெற்றிடத்தில் ஒளி சென்றால்கூட 90 ஆகும்.

நடைமுறையில் 200-க்கு மேல்தான் பார்ப்பீர்கள். கேபிள் நேராகப் போவதில்லை. சிங்கப்பூர் வழியாகப் பசிபிக்கைக் கடக்க வேண்டும், அல்லது மும்பை, செங்கடல், மத்தியதரைக் கடல் என்று சுற்றி அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே செங்கடல் கேபிள்கள் அறுந்தபோது, தகவல் வேறு பாதைகளில் திருப்பப்பட்டுத் தாமதம் கூடியது.

பணத்தைக் கொட்டினால் தூரம் போடும் இந்தக் கீழ் எல்லையை உடைக்க முடியுமா? பங்குச் சந்தை வர்த்தகர்களை மனதில் வைத்து 2015-இல் ஹைபர்னியா எக்ஸ்பிரஸ் என்ற அட்லாண்டிக் கேபிளைப் போட்டார்கள். நியூயார்க்–லண்டன் தூரம் சுமார் 5,570 கிலோமீட்டர். நம் கணக்குப்படி 56 மில்லி விநாடி. அந்தக் கேபிள் எட்டியது 59-க்குச் சற்றுக் குறைவு. சில மில்லி விநாடிகளைச் சேமிக்கத்தான் அத்தனை செலவும்.

100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300-ஆக உயர்த்தினாலும் இந்தக் கீழ் எல்லை இறங்காது. ஒரே நேரத்தில் எவ்வளவு தகவல் போகலாம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. வீட்டில் பலர் சேர்ந்து இணைப்பை நிரப்புவதால் ஏற்படும் காத்திருப்பு மட்டும் பெரிய திட்டத்தில் குறையலாம். பிங்கைக் குறைப்பதாக விற்கப்படும் விபிஎன் செயலிகளும் அப்படியே. உங்கள் தகவல் தேவையில்லாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தால் அவை பாதையைச் சுருக்கலாம். 135-க்குக் கீழே கொண்டுபோக அவற்றாலும் ஆகாது.

விற்பனையாளர் 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் அடித்து, "பாருங்கள், அமெரிக்க கூகுளுக்கு 5 தான்" என்று காட்டினால் ஏமாறாதீர்கள். அந்த ஒரே முகவரிக்கு உலகின் பல ஊர்களில் சர்வர்கள் இருக்கின்றன. 5 மில்லி விநாடியில் பதில் வந்தால், பதில் சொன்ன சர்வர் 500 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது என்று பொருள்.

தூரத்தை மாற்றச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. உள்ளூர்க் கோளாறைச் சரிசெய்யச் சொல்ல உரிமை உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்க, கணினியை ரவுட்டரோடு கம்பியால் இணைத்து இப்படிச் சோதியுங்கள். பல வீடுகளில் ரவுட்டரின் முகவரி முதல் வரியில் உள்ளதுதான். விண்டோஸில் இவை இயங்கும்:

```
ping -n 50 192.168.1.1
ping -n 50 8.8.8.8
tracert 8.8.8.8
```

முதல் வரிக்கு 1, 2-க்கு மேல் வந்தால் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். அது சரியாக இருந்து, இரண்டாவது சோதனையில் மாலை நேரங்களில் மட்டும் எண் பல மடங்கு ஏறினால், உங்கள் நிறுவனத்தின் பாதையில் நெரிசல் இருக்கக்கூடும். தகவல் எந்தெந்த இடங்களைக் கடக்கிறது என்பதை மூன்றாவது வரி காட்டும்.

காலை, மாலை இரு வேளையும் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளோடு நிறுவனத்தின் புகார் மையத்தை அழைத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு திருப்தி தராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். நடக்கவே முடியாத பிங்கைச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால், அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கும் தவறான விளம்பரம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். விளம்பரத்தின் நகல், ரசீது, ஊர்களுக்கு இடையிலான தூரம், அதை 100-ஆல் வகுத்த கணக்கு ஆகிய நான்கையும் மனுவோடு இணையுங்கள்.