பெரியம்மாவுக்குப் புரிகிற டிஸ்சார்ஜ் சம்மரி

பெரியப்பாவுக்கு மாரடைப்பு. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கையில் நான்கு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. "இதுல என்னப்பா போட்டிருக்கு, தமிழ்ல எழுதிக் குடு" என்று பெரியம்மா நீட்டினால் எங்கே தொடங்குவது?

எக்கோ, ரத்தப் பரிசோதனை விவரங்களை விட்டுவிடலாம். அவை அடுத்துப் பார்க்கப்போகும் டாக்டருக்கானவை. தாளைப் பத்திரப்படுத்தினால் போதும். பெரியம்மாவுக்குத் தேவை மூன்று: என்ன நோய், எந்த மருந்து எப்போது, மறுபடி எப்போது போக வேண்டும்.

நோய்ப் பகுதியில் சுருக்கெழுத்துகள் காலை வாரும். 'கே/சி/ஓ' என்றால் ஏற்கெனவே உள்ள நோய். 'எஸ்/பி' என்றால் இன்ன சிகிச்சை முடிந்தவர். 'ஆர்/ஓ' என்று போட்டு ஒரு நோயின் பெயர் இருந்தால், அந்த நோய் இருக்கிறதா என்று பார்த்து விலக்க வேண்டும் என்று பொருள். இதை 'நோய் இருக்கிறது' என்று எழுதிவிட்டால் வீடே கலங்கிப்போகும். ஒரே சுருக்கம் துறைக்குத் துறை மாறுவதும் உண்டு. 'ஓ.டி.' மாத்திரைக்கு நேரே இருந்தால் தினம் ஒருவேளை. கண் சிகிச்சைக் குறிப்பில் அது வலது கண்ணாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் வார்டு நர்ஸிடம் கேட்டு எழுதுங்கள்.

அடுத்தது மருந்து. வாக்கியமாக எழுதாமல் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு எழுதுவது நல்லது. 1-0-1 என்றால் காலை ஒன்று, இரவு ஒன்று. 'பி.டி.' இருவேளை, 'டி.டி.எஸ்.' மூன்று வேளை, 'எச்.எஸ்.' படுக்கப்போகும்போது, 'ஏ.சி.' சாப்பாட்டுக்கு முன், 'பி.சி.' சாப்பாட்டுக்குப் பின். 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் தேவைப்பட்டால் மட்டும். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். அதைத் தினசரிக் கட்டத்தில் சேர்க்காமல் தனியே எழுதுங்கள்: நெஞ்சு வலித்தால் உட்கார்ந்துகொண்டு நாக்கின் அடியில் வைக்க வேண்டும், விழுங்கக் கூடாது, வலி அடங்காவிட்டால் உடனே 108.

மருந்தின் பெயரையும் அளவையும் மட்டும் தமிழாக்க வேண்டாம். அட்டையில் அச்சான ஆங்கில எழுத்திலேயே எழுதி, எதற்கான மருந்து என்பதைப் பக்கத்தில் தமிழில் குறியுங்கள். 'வெள்ளை மாத்திரை' என்று அடையாளம் வைக்காதீர்கள். அடுத்த மாதம் கடைக்காரர் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால் நிறம் மாறிவிடும். கம்பெனிப் பெயரோடு மூல மருந்தின் பெயரையும் எழுதுவது அவசியம்.

ஏன் என்பது வீட்டு மருந்து டப்பாவைத் திறந்தால் தெரியும். புதுச் சீட்டில் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், குளோபிடோக்ரல் 75, அட்டோர்வாஸ்டாட்டின் 40 என்று மூன்று வரிகள் இருக்கின்றன என்று வையுங்கள். டப்பாவில் ஆஸ்பிரின் 75-உம் அட்டோர்வாஸ்டாட்டின் 10-உம் சேர்ந்த பழைய கேப்ஸ்யூல் இருக்கிறது. பெயர் வேறாக இருப்பதால் பெரியம்மா இரண்டையும் கொடுப்பார். ஆஸ்பிரின் இருமடங்காகும், ஏற்கெனவே குளோபிடோக்ரலும் சேர்ந்திருப்பதால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் அபாயம் கூடும். எனவே பழைய அட்டைகளை ஒவ்வொன்றாகப் புதுச் சீட்டோடு ஒப்பிட்டு, இரண்டு இடத்திலும் வரும் மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டு, நிறுத்தச் சொன்னதைத் தனியே எடுத்துவையுங்கள்.

நிறுத்துவதிலும் இரண்டு வகை உண்டு. 'ஸ்டாப்' என்றால் இனி வேண்டாம். 'ஹோல்டு' அல்லது 'வித்ஹோல்டு' என்றால் இப்போதைக்கு வேண்டாம். ஆஞ்சியோகிராமில் ஏற்றும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், சிலருக்குச் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைச் சில நாள் நிறுத்திவைத்து, கிரியாட்டினின் பார்த்தபிறகு தொடரச் சொல்வார்கள். அதை வெறுமனே 'நிறுத்தவும்' என்று எழுதினால் மாதக்கணக்கில் சர்க்கரை மாத்திரையே இல்லாமல் போய்விடும். எப்போது, யாரிடம் கேட்டுத் தொடர்வது என்பதையும் எழுதுங்கள். 'பழைய சர்க்கரை மருந்துகளைத் தொடரவும்' என்று ஒரே வரி இருந்தால், எவை எவை என்று கிளம்பும் முன்பே பெயர் பெயராகக் கேட்டுவிடுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் அடைப்பு மீண்டும் வராமல் காப்பவை. பல் பிடுங்கும்போது யாராவது நிறுத்தச் சொன்னாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்பதைக் கட்டத்தின் கீழே பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

கடைசியாக மறுவருகை. 'ரிவ்யூ ஆஃப்டர் ஒன் வீக்' என்பதை 'ஒரு வாரம் கழித்து' என்று விடாமல், நாள்காட்டியைப் பார்த்துத் தேதி, கிழமை, எந்த ஓ.பி. என்று எழுதுங்கள். வெறும்வயிற்று ரத்தப் பரிசோதனை என்றால், எத்தனை மணிக்குமேல் சாப்பிடக் கூடாது, அன்று காலை மாத்திரைகளை என்ன செய்வது என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடித்ததும் சீட்டிலுள்ள மருந்து வரிகளையும் உங்கள் தாளிலுள்ள வரிகளையும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துவர வேண்டும். பிறகு தாளைப் பெரியம்மாவிடம் கொடுத்து, இன்று இரவுக்கு உரிய மாத்திரைகளை டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் கை தயங்கும் இடம் எதுவோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.