பானைக்குள் பானை

பறித்த காய் இறந்த பொருளன்று. செடியிலிருந்து பிரிந்த பின்னும் அது மூச்சு விடுகிறது. தன்னுள் சேர்த்து வைத்த சர்க்கரையை எரித்து வெப்பத்தையும் நீராவியையும் வெளியிடுகிறது. செடியில் இருந்தவரை வேர் நீரை ஊட்டியது. இப்போது ஊட்டுவார் இல்லை. இழந்த நீர் இழந்ததுதான். வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் காயின் மூச்சு ஏறத்தாழ இருமடங்காகவோ மும்மடங்காகவோ விரைகிறது. காற்று வறண்டிருந்தால் கீரை சில மணி நேரத்தில் துவண்டுவிடுகிறது. ஆகவே காயைக் காக்க விரும்புவோர் இரண்டு செயல்களை ஒருசேரச் செய்தாக வேண்டும்: குளிர்ச்சி தர வேண்டும், ஈரமும் தர வேண்டும்.

நைஜீரியாவின் வடபகுதியில் உள்ள ஜிகாவா மாநிலம் சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பை ஒட்டியது. அங்குள்ள சிற்றூர்களில் மின்சாரம் அரிது. கத்தரி மூன்று நாளில் சுருங்கிவிடும். கீரை ஒரு நாளைத் தாண்டாது. அதனால் உழவர் குடும்பங்கள் அன்று பறித்ததை அன்றே, கிடைத்த விலைக்கு விற்க வேண்டியிருந்தது. தெருத்தெருவாகக் கூவி விற்கும் அந்த வேலை பெரும்பாலும் சிறுமியரின் தலையில் விழுந்தது. அவர்கள் பள்ளிக்குச் செல்வது தடைப்பட்டது.

குயவர் மரபில் பிறந்த முகமது பா அப்பா என்னும் ஆசிரியர் 1990களில் இதற்கு ஒரு வழி கண்டார். வழி புதிதன்று, நுண்துளை உள்ள மண்கலம் நீரைக் குளிர்விக்கும் என்பதை மண்பானை வனையும் எந்த நாட்டு மக்களும் அறிவர். நம் வீட்டுத் திண்ணையில் கோடையில் வைக்கும் தண்ணீர்ப் பானையும் அதுவே. நீருக்குப் பயன்பட்ட அந்தக் குளிர்ச்சியைக் காய்கறிக்குத் திருப்பியதே அவர் செய்த செயல். அவருடைய பானையில் கத்தரி 27 நாள் வரை கெடாமல் இருந்தது. கீரை 12 நாள் தாங்கியது. உள்ளூர்க் குயவரைக் கொண்டு பானைகளை வனைந்து, முதலில் 5,000 பானைகளை இலவசமாக வழங்கினார். எழுத்தறியாதவர்க்கும் புரியும்படி, ஊர் நடிகர்களைக் கொண்டு நாடகம் எடுத்து ஒளிப்படமாகத் திரையிட்டுக் காட்டினார். 2000ஆம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

அமைப்பு

வாய் அகன்ற பெரிய மண்பானை ஒன்று. அதனுள் அடங்கும் சிறிய பானை ஒன்று. இரண்டுக்கும் இடையே சுற்றிலும் மூன்று, நான்கு விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும். பெரிய பானையின் அடியில் முதலில் மணலைப் பரப்பி, அதன்மேல் சிறிய பானையை அமர்த்தி, இரண்டின் விளிம்பும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வருமாறு செய்கிறார்கள். பின்னர்ப் பக்கங்களிலும் மணலை நிரப்புகிறார்கள். சலித்த ஆற்றுமணல் ஏற்றது. கடல்மணலில் உள்ள உப்பு பானையின் துளைகளை அடைத்துவிடும். மணல் முழுதும் நனையுமாறு நீர் ஊற்றிக் காய்களை உள்ளே வைத்து, ஈரத்துணியால் வாயை மூடினால் பணி முடிந்தது. அதன்பின் காலையும் மாலையும் மணலை நனைத்து வந்தால் போதும்.

வெளிப்பானைக்கு மெருகோ வண்ணமோ பூசுதல் கூடாது. பூசிய பானை அழகாக இருக்கும், குளிராது. நீர் சுவர் வழியே கசிந்து வெளிப்புறத்தை அடைந்து, அங்கே காற்றில் ஆவியாக வேண்டும். குளிர்ச்சி முழுவதும் அந்த வெளிப்பரப்பில்தான் பிறக்கிறது.

வெப்பம் எங்கே செல்கிறது?

ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ நீர், அறை வெப்பநிலையில் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். அதாவது ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது, ஏழு கிலோ பனிக்கட்டி உருகும்போது ஈர்க்கும் அளவு வெப்பத்தை ஈர்த்துச் செல்கிறது. அந்த வெப்பத்தைப் பானையிடமிருந்தும், மணலிடமிருந்தும், உள்ளே உள்ள காயிடமிருந்தும், சுற்றியுள்ள காற்றிடமிருந்தும் நீர் எடுத்துக்கொள்கிறது.

ஒரு பானையில் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் நீர் ஆவியாவதாகக் கொள்வோம். 4,800 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது. ஆனால் பத்துக் கிலோ காயை 38 பாகை செல்சியசிலிருந்து 28 பாகைக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 400 கிலோஜூலே தேவை. அதற்கு ஒரு குவளை நீர்கூட வேண்டியதில்லை! எஞ்சிய நீரெல்லாம் எதற்குச் செலவாகிறது? வெளியிலிருந்து ஓயாமல் உள்ளே நுழையும் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதற்கே செலவாகிறது. பானையை வெயிலில் வைத்தால் நீரின் உழைப்பெல்லாம் கதிரவனோடு போராடுவதிலேயே தீர்ந்துவிடும். எனவே நிழல் இன்றியமையாதது, காற்றோட்டமும் அவ்வாறே. மூடிய அறையின் மூலையில் வைத்த பானையைச் சுற்றி ஈரக்காற்றே தேங்கி நிற்கும். ஆவியாதல் மெல்ல நின்றுபோகும். பானையைச் சுவரை ஒட்டி வைக்காமல் முக்காலியில் உயர்த்தி வைப்பதன் காரணம் இதுவே.

எல்லை

பானை எவ்வளவு குளிரும் என்பதைப் பானை முடிவு செய்வதில்லை. காற்றே முடிவு செய்கிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறினால், அதன் அளவு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அது ஈரக்குமிழ் வெப்பநிலை எனப்படும். நீர் ஆவியாவதால் மட்டும் கிடைக்கும் குளிர்ச்சிக்கு அதுவே அடித்தளம். எத்துணைச் சிறந்த பானையும் அதற்குக் கீழே இறங்காது.

ஜிகாவாவில் மார்ச் மாதப் பிற்பகல் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். காற்றின் வெப்பம் 38 பாகை. ஈரப்பதம் 20 விழுக்காடு. அப்போது ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 21 பாகை. இடைவெளி 17 பாகை. இதில் அறுபது விழுக்காட்டைப் பானை எட்டினால் பத்துப் பாகை குறைந்து, உள்ளே 28 பாகை நிலவும். இனி, சென்னைக் கடற்கரையில் மழைக்கு முந்தைய ஒரு நாளைக் கொள்வோம். வெப்பம் 32 பாகை. ஈரப்பதம் 80 விழுக்காடு. ஈரக்குமிழ் வெப்பநிலை 29 பாகை. இடைவெளி மூன்றே பாகை. அதே பானை அங்கே இரண்டு பாகைதான் குறைக்கும். பானையில் குறையில்லை. காற்றில் இடமில்லை. ஆகவே பானை வாங்கும் முன் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் சுற்றாத வெப்பமானியுமாக இரண்டை நிழலில் தொங்கவிட்டுப் பார்த்தல் நலம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பத்துப் பாகைக்கு மேல் இருந்தால் முயலலாம். ஐந்துக்குக் குறைந்தால் பெரும்பயன் இராது.

28 பாகை குளிர்ச்சியா என்று கேட்கத் தோன்றும். குளிர்சாதனப் பெட்டியோடு ஒப்பிட்டால் இது எளியதே. எனினும் உள்ளே காற்று ஈரமாக இருப்பதால் காய் வாடுவதில்லை. உழவருக்குக் கிடைக்கும் பயனில் பெரும்பங்கு இந்த ஈரத்தினுடையது என்பதே என் கருத்து. தவிரவும், வெப்பநாட்டுக் கத்தரிக்கு மிகு குளிரும் பகை. பத்துப் பாகைக்குக் கீழே பல நாள் இருந்தால் அதன் தோலில் பள்ளங்கள் விழுந்து, உள்ளே விதைப்பகுதி கறுக்கும்.

கரிச்சுவர்

ஒரு குடும்பத்துக்குப் பானை போதும். கூடை கூடையாகப் பறிக்கும் உழவர் குழுவுக்கு அறை வேண்டும். கென்யாவில் சிறு உழவர்கள் அதற்குக் கரியைப் பயன்படுத்துகின்றனர். மரச்சட்டத்தின் இரு பக்கமும் கம்பிவலை அடித்து, இடையே அரைச் சாண் அளவுக்குச் சற்றே குறைந்த, ஏறத்தாழ பத்துச் செண்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதனுள் கரித்துண்டுகளை நிரப்புகின்றனர். நான்கு புறமும் இத்தகைய சுவர். மேலே தடித்த கூரைவேய்வு. சுவரின் உச்சியில் துளையிட்ட குழாய் ஓடுகிறது. உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து நீர் அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கிக் கரியை நனைக்கிறது. வறண்ட காற்று ஈரக்கரியின் ஊடே நுழைந்து குளிர்ந்து உள்ளே வருகிறது. கரி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எடை குறைவு, எளிதில் மக்காது.

கரித்துண்டு எலுமிச்சை அளவில் இருத்தல் வேண்டும். தூளை நிரப்பினால் காற்று புகாது. பெருந்துண்டுகளை அடுக்கினால் காற்று நனையாமலே நுழைந்துவிடும். நாளடைவில் கரி உடைந்து கீழே இறங்கி, சுவரின் மேற்பகுதியில் வெற்றிடம் உண்டாகும். இது பலர் கவனியாத பழுது. அறைக்குள் நின்று கதவைச் சாத்தி மேலே நோக்கினால், சுவரின் உச்சியில் ஒளிக்கீற்று தெரியும்; கையை உயர்த்தினால் வெப்பக்காற்று படும். அங்கே புதுக்கரி இட்டு நிரப்ப வேண்டும்.

பானையில் நேரும் பழுது வேறு. உப்புநீரைத் தொடர்ந்து ஊற்றினால் வெளிப்புறத்தில் வெண்படலம் படியும். மணல் நனைந்திருந்தும் பானையின் வெளிச்சுவரைத் தொட்டால் உலர்ந்திருக்கும். துளைகள் அடைபட்டன என்பதற்கு அதுவே அடையாளம். தென்னைநாரால் தேய்த்துக் கழுவினால் ஓரளவு திறக்கும். தேய்த்தும் கசியாத பானையை மாற்றுவது தவிர வழியில்லை.

கரி மரத்தை எரித்துப் பெறுவது என்பதை மறக்கலாகாது. மரம் அருகிய இடத்தில் செங்கல்லே தக்கது. புதுதில்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா குளிர்க்கூடம் இவ்வகையினது. இரட்டைச் செங்கற்சுவர், இடையே ஏழரைச் செண்டிமீட்டர் ஆற்றுமணல், மேலே வைக்கோல் மூடி. ஏறத்தாழ நூறு கிலோ காயை அதில் வைக்கலாம்.

எல்லாப் பொருளும் இவற்றுக்கு ஏற்றவை அல்ல. அடிபட்ட ஒரு தக்காளி ஈரத்தில் விரைந்து அழுகி, தொட்ட காய்களையும் கெடுக்கும். வைக்கும் முன் பொறுக்கி நீக்க வேண்டும். பழுத்த தக்காளி வெளியிடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்குமாதலால் இரண்டையும் ஒரே பானையில் வைத்தல் கூடாது. பாலும் இறைச்சியும் சமைத்த உணவும் இந்த வெப்பத்தில் நுண்ணுயிர்களுக்கு இரையாகும். வெங்காயமும் பூண்டும் ஈரத்தில் முளைவிட்டு அழுகும். அவற்றைக் காற்றாடும்படி உறியிலோ பரணிலோ வைப்பதே முறை.