அரை நொடி தாமதத்தில் ஒரு பாட்டு வகுப்பு

சிகந்தராபாத்தின் பத்மாராவ் நகரில், ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்கு அருகிலுள்ள ஒரு வீட்டில் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே பாட்டு வகுப்பு தொடங்கிவிடுகிறது. மடிக்கணினித் திரையில் இருக்கும் ஒன்பது வயதுச் சிறுமிக்கு அது வெள்ளிக்கிழமை இரவு ஏழரை மணி. அவள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். மார்ச் மாதம் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததும் அது எட்டரை ஆகிவிடும். குழந்தை கொட்டாவி விடத் தொடங்குவாள். நவம்பர் வரை வகுப்பை ஐந்து மணிக்கு மாற்றிக்கொள்வது ஆசிரியையின் வழக்கம்.

நாம் சென்றிருந்த அன்று மாயாமாளவகௌளையில் சரளி வரிசை நடந்துகொண்டிருந்தது. ஆசிரியை ஒரு வரி பாடினார். பாடிவிட்டுத் தம் ஒலிவாங்கியை அணைத்தார். சிறுமி தாளம் போட்டுக்கொண்டு தனியே பாடினாள். இருவரும் சேர்ந்து பாடவே இல்லை. காரணம் கேட்டபோது, ஆசிரியை ஒரு சோதனை செய்து காட்டினார். நொடிக்கு ஒன்றாக அவர் கை தட்ட, சிறுமியும் திரையைப் பார்த்து உடன் தட்ட வேண்டும். அவள் மிகச் சரியாகத்தான் தட்டினாள். ஆயினும் அந்த ஓசை நம் காதில் இரண்டு தட்டுகளுக்கு நட்ட நடுவே வந்து விழுந்தது. போய்வரும் தாமதம் அரை நொடி என்பது அதிலிருந்தே தெரிந்துவிடுகிறது.

இணைய வேகத்தைக் கூட்டினாலும் இது முற்றிலும் நீங்காது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்தான் செல்லும்; இடையிலுள்ள தொலைவோ 12,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒலியையும் படத்தையும் பொட்டலங்களாகக் கட்டி அனுப்பி, மறுமுனையில் பிரித்து அடுக்கும் நேரம் அதனுடன் சேர்கிறது. முதற்காலத்தில் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம் என்பதால், அரை நொடி என்பது அரை ஸ்வரப் பிசகு. மூன்றாம் காலத்தில் அட்சரத்துக்கு நான்கு ஸ்வரங்கள். அதே அரை நொடி இரண்டு ஸ்வரங்களை விழுங்கிவிடும்.

இதை அறியாமல் தொடக்கத்தில் தாமும் உடன் பாடியதாக ஆசிரியை சொன்னார். “குழந்தை பின்தங்குகிறாள் என்று நினைத்து நான் நிதானிப்பேன். நான் நிதானித்ததால் அவளும் நிதானிப்பாள். கீதம் முடிவதற்குள் காலப்பிரமாணம் பாதியாக இறங்கிவிடும்.” உடன் பாடுவதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. ஆசிரியையின் குரலைப் பற்றிக்கொண்டே பாடும் குழந்தைக்குப் பாடம் வந்துவிட்டது போலத் தோன்றும். குரலை நிறுத்தினால்தான் உண்மை வெளிப்படும்.

அடுத்த சிக்கல் சுருதி. தம்புராவின் இடைவிடாத ஒலியை மின்விசிறியின் இரைச்சலாகக் கருதி, அழைப்புச் செயலி அகற்றிவிடுகிறது. சில வேளைகளில் குழந்தை நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தையும் உடன் அறுத்துவிடுகிறது. ஜூம் செயலியில் Original sound for musicians என்னும் அமைப்பை இயக்கினால் இது பெரிதும் குறையும். சுருதிப்பெட்டி குழந்தையின் வீட்டிலேயே, அவளுக்கு உரிய கட்டையில் ஒலிக்க வேண்டும். வாரத்தின் நடுவே அவள் தாளத்துடன் பாடிப் பதிவு செய்து அனுப்புகிறாள். தாமதமும் வெட்டும் இல்லாத அந்தப் பதிவைத்தான் ஆசிரியை பெரிதும் நம்புகிறார்.

கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொரு டாலர் பரிமாற்றத்திலும் இடைநிலை வங்கிக் கட்டணம் கழியக்கூடும் என்பதால், மாதந்தோறும் சிறு தொகையாகப் பெறுவதைக் காட்டிலும் இது சிக்கனம். வெளிநாட்டிலிருந்து வருவதால் இதற்கு வரி இல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு, இங்கே இருந்து கற்பித்து ஈட்டும் தொகை இங்கே வருமானக் கணக்கில் சேர வேண்டியதே.

சென்ற கோடை விடுமுறையில் அச்சிறுமி பாட்டி வீட்டுக்கு வந்திருந்தாள். முதன்முறையாக ஆசிரியையின் எதிரே அமர்ந்து பாடினாள். சுருதி சுத்தமாக இருந்தது. ஆனால் ஆதி தாளத்தின் லகுவில், தட்டுக்குப் பின் சுண்டு விரலில் தொடங்க வேண்டிய எண்ணிக்கையை ஆள்காட்டி விரலில் தொடங்கினாள். எட்டு மாதங்களாகத் திரையில் அவள் முகம் மட்டுமே தெரிந்திருக்கிறது. “மாமி, நீங்க சொல்லவே இல்லையே!” என்றாள் குழந்தை. விரலைத் திருத்தியதும் பாட்டு தடுமாறியது. கை பழைய வழிக்கே ஓடியது. பாட்டை நிறுத்தி வைத்து, தாளம் மட்டும் போடப் பத்து நாள் பழக வேண்டியதாயிற்று.

இப்போது அந்த வீட்டுச் சுவரில், மாணவர்களின் பெற்றோருக்கு அனுப்பும் குறிப்பு ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது: குழந்தை தரையில் சம்மணமிட்டு அமர வேண்டும், கேமரா நான்கடி தள்ளி, முழங்கால் தெரியும்படி இருக்க வேண்டும்.