மழை ஓடுபாதையில் சில்லு மிதந்தால்

2005 ஓகஸ்ட் 2ஆம் திகதி பிற்பகல், பாரிஸிலிருந்து வந்த ஏர் பிரான்ஸ் 358 ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் இடிமழைக்குள் இறங்கியது. 9,000 அடி ஓடுபாதை அதற்குப் போதவில்லை. மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர் வேகத்தில் பாதையின் முடிவைத் தாண்டி, பள்ளத்துக்குள் போய் நின்று தீப்பற்றியது. 309 பேரும் உயிர் தப்பினார்கள். 12 பேருக்குக் கடும் காயம். அன்று 401 நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு அந்தப் புகை இன்னும் நினைவிருக்கும்.

ஈரமான ஓடுபாதையில் விமானம் ஏன் நிற்க மறுக்கிறது? ரயர் உருளும்போது அதன் முன்னால் இருக்கும் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகவேண்டும். வேகம் கூடினால் தண்ணீர் விலக நேரம் கிடைக்காது. அது ரயருக்குக் கீழே ஆப்பு இறுக்கியதுபோல அழுத்தம் கொடுத்து, சில்லையே தூக்கிவிடும். இதுதான் ஹைட்ரோபிளேனிங். அந்த நேரத்தில் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் பயன் மிகக் குறைவு, ஏனென்றால் ரப்பர் தரையைத் தொடவில்லை.

தேங்கி நிற்கும் தண்ணீரில் இது எந்த வேகத்தில் தொடங்கும் என்பதற்கு 1960களில் நாசா ஆய்வாளர்கள் ஓர் எளிய கணக்குத் தந்தார்கள். ரயரின் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ அலகில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால் வேகம் நொட் அளவில் கிடைக்கும். 200 பிஎஸ்ஐ உள்ள விமான ரயருக்கு 127 நொட், அதாவது மணிக்கு 235 கிலோமீற்றர். பெரிய ஜெட் விமானங்கள் இதைவிட வேகமாகத்தான் தரையைத் தொடுகின்றன. நமது காரின் 32 பிஎஸ்ஐ ரயருக்கு அதே கணக்கைப் போட்டால் 94 கிலோமீற்றர் வரும். மழையில் 401இல் ஓடுபவர்கள் அதையும் ஒருமுறை யோசிக்கலாம்.

இதனால்தான் மழையில் விமானி விமானத்தைக் கொஞ்சம் 'டமார்' என்று இறக்குவார். பின்னாலிருந்து நாங்கள் முணுமுணுப்போம். உண்மையில் அந்த அடிதான் தண்ணீர்ப் படலத்தை உடைத்துச் சில்லைச் சுழலவைக்கிறது. பூப்போல இறக்கினால் மிதந்தபடியே பல நூறு அடி வீணாகப் போய்விடும்.

தரையின் பக்கத்தில் செய்யக்கூடியது பள்ளக்கோடு வெட்டுவது. ஓடுபாதைக்குக் குறுக்காக, வைர வாள்களால் கால் அங்குல அகலத்திலும் கால் அங்குல ஆழத்திலும், ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டுவார்கள். இது அமெரிக்க அளவு. தண்ணீர் வடிவதற்கு மட்டும்தான் இந்தக் கோடுகள் என்று பலர் நினைப்பதுண்டு. அதைவிடப் பெரிய வேலை, ரயருக்குக் கீழே சிக்கும் தண்ணீர் அந்த நொடியிலேயே தப்பி ஓட வழி கொடுப்பது. ஆனால் விமானங்கள் வந்து தொடும் பகுதியில் ரயரின் ரப்பர் உருகி இந்தக் கோடுகளை அடைத்துவிடும். அதை அடிக்கடி சுரண்டிக் கழுவாவிட்டால் வெட்டிய செலவு வீண்தான். கொட்டும் மழையில் நல்ல கோடுகளும் நிரம்பி வழியும்.

ஆகவே அந்த நேரத்தில் பாதை எப்படி இருக்கிறது என்ற செய்தி விமானிக்கு வேண்டும். முன்னால் இறங்கியவர் பிரேக் எப்படிப் பிடித்தது என்பதைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்வார்: நல்லது, நடுத்தரம், மோசம், இடையிலும் சில படிகள். 2021 நவம்பரிலிருந்து சர்வதேச முறையில் ஓடுபாதையை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை எண் கொடுக்கிறார்கள். உலர்ந்தது 6. வெறும் ஈரம் 5. தண்ணீர் 3 மில்லிமீற்றருக்கு மேல் தேங்கினால் 2. 5/5/2 என்று வந்தால், கடைசிப் பங்கில்தான் தண்ணீர் நிற்கிறது, அதாவது பிரேக் மிகத் தேவைப்படும் இடத்தில். விமானி அந்த எண்ணைத் தன் அட்டவணையில் வைத்து, வேண்டிய தூரத்தைக் கணக்கிட்டு, அதற்குமேல் குறைந்தது 15 வீதம் சேர்த்துப் பார்ப்பார். போதாவிட்டால் வானில் காத்திருப்பார், அல்லது வேறு நிலையத்துக்குப் போவார்.

358 இன் விமானிகளுக்கும் அப்படியொரு செய்தி கிடைத்தது. முன்னால் இறங்கிய விமானம் பிரேக் மோசம் என்று சொல்லியிருந்தது. ஆனால் அந்த ஓடுபாதைக்குத் தேவையான தூரத்தை அவர்கள் கணக்கிடவில்லை என்று கனடியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கண்டறிந்தது. விமானம் 3,800 அடி தாண்டித்தான் தரையைத் தொட்டது. மீதி 5,200 அடி. பாதையில் குறைந்தது கால் அங்குலத் தண்ணீர். இயந்திர உந்துதலை எதிர்த்திசைக்கு மாற்றுவதற்கு 12.8 செக்கன்கள் போய்விட்டன. முழு உந்துதல் கேட்கப்பட்டபோது 16.4 செக்கன்கள்.

செய்தியிலும் குறை உண்டு. சொன்னவரின் விமானம் வேறு, எடை வேறு. எதிர் உந்துதல் நிறுத்தியதை அவர் பிரேக் நிறுத்தியதாக நினைத்திருக்கலாம். இடிமழையில் பத்து நிமிடத்துக்கு முந்திய 'நடுத்தரம்' இப்போது மோசமாகியிருக்கும். அதனால் கடும் மழை ஓடுபாதையின் மேலேயே நிற்கும்போது, அறிக்கை எதுவாக இருந்தாலும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து இறங்கும் விமானிதான் கணக்குத் தெரிந்தவர்.