நேராக உருட்டினாலும் ஏன் வளைகிறது? லான் பௌல்ஸ் பந்தின் ரகசியம்

2006 மெல்பர்ன் காமன்வெல்த் போட்டியில் மலேசியாவின் சித்தி ஸலினா அஹ்மாட் மகளிர் ஒற்றையர் தங்கத்தை வென்ற ஆட்டம் லான் பௌல்ஸ். டிவியில் பார்த்தால், "இதுல என்ன கஷ்டம், பந்தை உருட்டி விடுறதுதானே?" என்று தோன்றும்.

சரி, நீங்களே உருட்டிப் பாருங்கள். ஜேக் எனப்படும் சின்ன வெள்ளைப் பந்து குறைந்தது 23 மீட்டர் தள்ளி இருக்கும். உங்கள் பந்து அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். ஜேக்கை நேராகக் குறிவைத்தால் மட்டும் நிச்சயம் கிடைக்காது. பந்து கடைசியில் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும்.

இந்தத் திருப்பத்துக்குப் பெயர் பயஸ். முன்பெல்லாம் பந்தின் ஒரு பக்கத்தில் ஈயம் வைத்தார்கள். அதனால்தான் 'கனமான பக்கம்' என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. இப்போதைய பந்தில் ஈயம் கிடையாது. வடிவத்திலேயே இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் செய்கிறார்கள். எடையின் மையம் நடுவிலிருந்து கொஞ்சம் விலகிவிடும்.

அது எப்படி வளைக்கிறது? ஒரு 20 காசை மேசையில் உருட்டுங்கள். வேகமாகப் போகும்போது கிட்டத்தட்ட நேராகப் போகும். வேகம் குறையக் குறைய ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்த பக்கமே வட்டமடிக்கும். பந்தும் அப்படித்தான். கனமான பக்கத்தைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. ஆனால் சுழலும் பந்து சட்டென விழாது, அந்தப் பக்கமாகத் திரும்பும். வேகம் இருக்கும்வரை திருப்பம் தெரியாது, கடைசி சில மீட்டரில்தான் 'கொக்கி' விழும்.

இதை வைத்து ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம். எதிரணியின் பந்து ஜேக்குக்கு நேர் முன்னால் வழியை மறித்து நிற்கிறது. நீங்கள் வலது கைக்காரர். பந்தின் இரண்டு பக்கத்திலும் வட்டச் சின்னம் இருக்கும். சிறிய சின்னம் உள்ள பக்கம்தான் பயஸ் பக்கம். அதை இடப்பக்கம் வைத்து, ஜேக்கைவிட நன்றாக வலப்பக்கம் விலக்கி உருட்டுங்கள். பந்து மறிப்பைச் சுற்றிப்போய், இடப்பக்கம் திரும்பி ஜேக்கிடம் வரும். இடப்பக்கமாக உருட்டணும்னா, சின்னத்தை வலப்பக்கம் மாத்திக்கணும், அவ்வளவுதான்.

சின்னத்தைப் பார்க்காமல் உருட்டினால்? பந்து ஜேக்கை விட்டு வெளியே திரும்பி, பக்கத்துத் தடத்துக்கே போய்விடும். அங்கே நின்றால் அது கணக்கில் சேராது. அனுபவசாலிகளும் அவசரத்தில் இதைச் செய்வதுண்டு, பக்கத்துத் தடத்தில் ஆடுபவர்கள் சிரிப்பார்கள்.

ஜேக் இன்னும் தூரமாக இருந்தால் கோணத்தைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை, கொஞ்சம் பலமாக உருட்டினால் போதும். கூடுகிற வேகம் பெரும்பாலும் நேராக ஓடும் பகுதியைத்தான் நீட்டும். ஆனால் புல்லைக் கவனிக்கத்தான் வேண்டும். மழை பெய்து புல் ஈரமாக, கனமாக இருந்தால் பந்து சீக்கிரம் நின்றுவிடும், வளைய நேரமே இருக்காது. காய்ந்து வழவழப்பான திடலில் நெடுநேரம் ஓடி அகலமாக வளையும். ஆட்டத்துக்கு முன்னால் சில பந்துகளை உருட்டிப் பார்க்கிறார்களே, அது அன்றைய புல் எவ்வளவு வளைக்கிறது என்று பார்க்கத்தான்.