20 லட்சம் கடன். மாதம் 17,995 ரூபாய்! கணக்கு எப்படி?

வீடு வாங்கப் பாங்கியில் கடன் கேட்டால், "மாதம் இவ்வளவு கட்டவேண்டும்" என்று ஒரு தொகையைச் சொல்வார்கள்.

அந்தத் தொகை எப்படி வந்தது? வட்டி எவ்வளவு? அசல் எவ்வளவு?

ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதல் மாதம்

மாதம் 50 ஆயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர், 25 லட்சத்துக்கு ஒரு வீடு பார்க்கிறார். கையில் இருப்பது 5 லட்சம். மீதி 20 லட்சத்தைக் கடனாக வாங்குகிறார்.

வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம். 20 ஆண்டில், அதாவது 240 மாதத்தில் அடைக்கவேண்டும். மாதத் தவணை 17,995 ரூபாய்.

ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால், மாதத்துக்கு முக்கால் சதவீதம். அதாவது 100 ரூபாய்க்கு 75 காசு. 20 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 15 ஆயிரம் ரூபாய்.

அவர் கட்டுவது 17,995. அதில் 15 ஆயிரம் வட்டிக்குப் போய்விடும். மீதி 2,995 ரூபாய்தான் அசலில் கழியும்.

இப்பொழுது கடன் பாக்கி 19,97,005 ரூபாய். இரண்டாவது மாதம் இந்தப் பாக்கிக்குத்தான் வட்டி. அது 14,978 ரூபாய். அசலில் 3,017 ரூபாய் கழியும்.

இப்படியே மாதா மாதம் வட்டி குறையும். அசலில் கழிவது கூடும். கடைசித் தவணையில் வட்டி 130 ரூபாய் அளவுதான்!

17,995 ஏன்?

மாதம் 17 ஆயிரம் கட்டினால் என்ன ஆகும்? 20 ஆண்டு முடிந்த பிறகும் சுமார் 6 லட்சத்து 64 ஆயிரம் பாக்கி நிற்கும். 19 ஆயிரம் கட்டினால், பதினேழரை ஆண்டிலேயே கடன் தீர்ந்துவிடும்.

சரியாக 240-வது மாதம் கடன் தீரவேண்டும் என்றால், அதற்குப் பொருந்தும் தொகை ஒன்றே ஒன்றுதான். 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால், லட்சத்துக்கு 899 ரூபாய் 73 காசு. அதை 20 ஆல் பெருக்குங்கள். 17,995 வந்துவிடும்!

10 ஆண்டுக்குப் பிறகு

10 ஆண்டு ஆகிவிட்டது. அவர் ஒரு தவணைகூடத் தவறவில்லை.

"என்னங்க, பாதிக் கடன் தீர்ந்திருக்குமே?" என்று மனைவி கேட்கிறார்.

இல்லை. இதுவரை கட்டியது 21 லட்சத்து 59 ஆயிரம் ரூபாய். ஆனால் இன்னும் பாக்கி 14 லட்சத்து 20 ஆயிரம்! பாதிக் கடன் தீர்வது 14-வது ஆண்டின் முடிவில்தான்.

இது ஏமாற்று அல்ல. முதலில் பாக்கி அதிகம். அதனால் வட்டியும் அதிகம். முழுக் காலமும் கட்டி முடிக்கும்போது, வட்டி மட்டும் 23 லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

ஆகவே, கையில் பணம் வந்தால் ஆரம்பத்திலேயே கட்டுவது லாபம். முதல் ஆண்டு முடிவில் கூடுதலாக 1 லட்சம் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், கடைசியில் சுமார் 27 தவணைகள் குறைந்துவிடும்.

வட்டி ஏறினால்?

வீட்டுக்கடன் வட்டி பெரும்பாலும் ஏறி இறங்கும் வட்டி. தொடக்கத்திலேயே 9 சதவீதம் 10 ஆக ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 16,667 ரூபாய் ஆகிவிடும்.

தவணை அதே 17,995 தான் என்றால், அசலில் கழிவது 1,328 ரூபாய் மட்டுமே. "தவணை ஏறவில்லையே!" என்று அவர் மகிழ்ச்சி அடையலாம். ஆனால் 20 ஆண்டுக் கடன், 26 ஆண்டைத் தாண்டிவிடும்!

வட்டி 10.8 சதவீதத்தைத் தொட்டால், மாத வட்டியே 18 ஆயிரம். தவணை வட்டிக்கே போதாது. கட்டக் கட்டக் கடன் வளரும்!

காலம் நீளாமல், 10 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்குள் அடைக்கவேண்டுமானால், தவணை 19,300 ரூபாய் ஆகவேண்டும்.

தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் செய்வதா என்று கடன் வாங்கியவரைக் கேட்கவேண்டும் என ரிசர்வ் பாங்கி 2023-ம் ஆண்டு உத்தரவிட்டது.

எனவே வட்டி மாறியதாகத் தகவல் வந்தால், தவணைத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். "இன்னும் எத்தனை தவணை பாக்கி?" என்று கேளுங்கள். பாங்கி தரும் கணக்குத் தாளில் அசலில் எவ்வளவு கழிந்தது என்று பாருங்கள்.

தவணை மாறாமல் இருந்து, சென்ற மாதத்தைவிட அது குறைந்திருந்தால், உங்கள் கடனின் காலம் நீண்டுவிட்டது என்று பொருள்.